நோர்வேயில் ஓரிரு நாள் சுகயீனத்துக்கு ஏகென்மெல்டிங் கொடுப்பது எப்படி?

காலையில் காய்ச்சலோடு எழும்புகிறீர்கள். இரண்டு நாள் படுத்தால் சரியாகிவிடும், வைத்தியரைப் பார்க்கும் அளவுக்கு இல்லை. இப்படியான நேரத்துக்காகத்தான் நோர்வேச் சட்டத்தில் ஏகென்மெல்டிங் இருக்கிறது. 'எனக்குச் சுகமில்லை, அதனால் வேலை செய்ய முடியவில்லை' என்று நீங்களே அறிவிப்பது அது. வைத்தியரின் கடிதம் தேவையில்லை. முதல் நாளிலிருந்தே சம்பளமும் உண்டு, அதை வேலை தருபவரே கொடுக்க வேண்டும். வைத்தியர் எழுதித் தருவது சீக்மெல்டிங். இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன.

விதிகள் 1997ஆம் ஆண்டின் மக்கள் காப்புறுதிச் சட்டத்தில், 8ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன. கீழே சொல்வது அந்தச் சட்டம் எல்லோருக்கும் தரும் குறைந்தபட்ச உரிமை. உங்கள் வேலையிடம் இதைவிடக் கூடுதலாகத் தரலாம், குறைவாகத் தர முடியாது.

படி 1: உங்களுக்கு இந்த உரிமை தொடங்கிவிட்டதா?

ஒரே வேலை தருபவரிடம் குறைந்தது 2 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் தவறும் இடம் இது. சுகயீனச் சம்பளத்துக்கான உரிமை 4 வாரத்தில் வந்துவிடும், ஏகென்மெல்டிங் உரிமைக்கு 2 மாதம் வேண்டும். இடைப்பட்ட காலத்தில் சுகமில்லாமல் போனால் ஒரு நாளுக்கும்கூட வைத்தியரிடமிருந்து சீக்மெல்டிங் எடுத்தால்தான் சம்பளம் கேட்க முடியும். 'அவருக்கு ஏகென்மெல்டிங் கொடுத்தார்கள், எனக்கு இல்லை என்கிறார்கள்' என்று மனம் நோகும் முன், நீங்கள் வேலைக்குச் சேர்ந்த தேதியைப் பாருங்கள்.

அடுத்து, உங்கள் வேலையிடத்தில் எத்தனை நாள் என்று கேட்டறியுங்கள். சட்டத்தின் அளவு ஒரு தடவைக்கு 3 நாள், 12 மாதத்தில் 4 தடவை. பல வேலையிடங்கள் இதை நீட்டி, ஒரு தடவைக்கு 8 நாள் வரை, 12 மாதத்தில் மொத்தம் 24 நாள் என்று வைத்திருக்கின்றன. உங்களுக்கு எது பொருந்தும் என்பது பணியாளர் கையேட்டில் இருக்கும். சக வேலையாளர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம், அவர் முன்பு வேலை செய்த இடத்தின் கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

படி 2: முதல் நாளே, முடிந்தவரை நேரத்தோடு அறிவியுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. படிவத்தைப் பிறகு நிரப்பலாம், அறிவித்தலைப் பிந்தவிடக் கூடாது. வேலை தருபவர் சம்பளம் கொடுக்க வேண்டியது அவருக்குத் தகவல் கிடைத்த நாளிலிருந்து. திங்களும் செவ்வாயும் பேசாமல் படுத்திருந்துவிட்டு புதனன்று 'மூன்று நாளாகச் சுகமில்லை' என்றால், முதல் இரண்டு நாள் சம்பளத்தை அவர் மறுக்க இடமுண்டு. அறிவிக்கவே முடியாத நிலையில் இருந்திருந்தால் மட்டும் விலக்கு.

எந்த வழியில் அறிவிப்பது என்பதை வேலையிடம் சொல்லியிருக்கும். சில இடங்களில் தொலைபேசி எடுத்துப் பொறுப்பாளரோடு பேசியே ஆக வேண்டும், சில இடங்களில் குறுஞ்செய்தி போதும். கூட வேலை செய்பவரிடம் 'சொல்லிவிடு' என்பதை அறிவித்தலாக எண்ண வேண்டாம். அவர் மறந்தால் பாதிப்பு உங்களுக்கு.

சொல்ல வேண்டியது மூன்றே விஷயம்: இன்று சுகமில்லை, ஏகென்மெல்டிங் எடுக்கிறேன், எப்போது திரும்புவேன் என்று நினைக்கிறேன். என்ன வருத்தம் என்று சொல்லத் தேவையில்லை. நம் ஆட்கள் இந்த இடத்தில் தேவைக்கு மேல் விளக்குவது வழக்கம். வயிற்றோட்டம் எத்தனை தடவை போனது என்பது வரை சொல்லி முடிப்பார்கள். நோயின் பெயரைக் கேட்கும் உரிமை பொறுப்பாளருக்கு இல்லை. ஆனால் உங்களால் என்ன வேலை முடியும், என்ன முடியாது என்று கேட்கலாம், அதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். 'முதுகு காரணமாகப் பாரம் தூக்க முடியாது, இருந்து செய்யும் வேலை முடியும்' என்பது போன்ற பதில் போதுமானது.

வேலைக்குப் போன பிறகு நடுவில் சுகமில்லாமல் வீடு திரும்பினால், கணக்கு அடுத்த நாளிலிருந்துதான் தொடங்கும். திரும்பிய நாளை ஏகென்மெல்டிங் நாளாக எழுத வேண்டாம்.

படி 3: நாட்களை எண்ணுங்கள்

மூன்று நாள் என்றால் மூன்று வேலை நாள் அல்ல, மூன்று நாட்காட்டி நாள். சனி, ஞாயிறு, உங்கள் வேலை அட்டவணையில் ஓய்வாக இருக்கும் நாள் எல்லாம் சேரும்.

வெள்ளிக்கிழமை காய்ச்சல். சனி, ஞாயிறு உங்களுக்கு வேலை இல்லை. திங்களும் காய்ச்சல் விடவில்லை. 'வெள்ளி ஒன்று, திங்கள் இரண்டு, இன்னும் ஒரு நாள் இருக்கிறது' என்று பலர் எண்ணுவார்கள். உண்மையில் வெள்ளி, சனி, ஞாயிறோடு மூன்றும் முடிந்துவிட்டன. திங்கள் நான்காவது நாள், அதற்குச் சீக்மெல்டிங் வேண்டும்.

இதன் மறுபக்கம்: வெள்ளி மட்டும்தான் சுகமில்லை, சனி காலை தெளிந்துவிட்டது என்றால் படிவத்தில் வெள்ளியை மட்டும் எழுதுங்கள். சனியன்றே பொறுப்பாளருக்கு 'சுகமாகிவிட்டது, திங்கள் வருவேன்' என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். ஞாயிறு வரை என்று எழுதி வைத்தால் மூன்று நாளையும் வீணாகச் செலவழித்ததாகும்.

அடுத்தது 16 நாள் விதி. ஒரு தடவை ஏகென்மெல்டிங் எடுத்துத் திரும்பிய பிறகு, 16 நாட்காட்டி நாட்களுக்குள் மறுபடியும் சுகமில்லாமல் போனால், முன்பு எடுத்த நாட்களும் சேர்த்து எண்ணப்படும். புதிதாக மூன்று நாள் கிடைக்காது.

முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் வேலையிடத்தில் சட்டத்தின் 3 நாள் அளவுதான். மார்ச் 3, 4 இரண்டு நாள் ஏகென்மெல்டிங் எடுத்தார், 5ஆம் தேதி வேலைக்குத் திரும்பினார். 16ஆம் தேதி தொண்டை நோவும் காய்ச்சலும். மார்ச் 4க்குப் பின் 16 நாள் ஆகவில்லை. ஆகவே எடுத்த இரண்டு நாளோடு இந்த நாளைச் சேர்த்தால் மூன்று. 16ஆம் தேதிக்கு மட்டும் ஏகென்மெல்டிங் செல்லும், 17ஆம் தேதிக்கும் வர முடியாவிட்டால் வைத்தியர்தான். இது வேறு வருத்தம், முந்தியது வேறு என்று வாதிட்டாலும் கணக்கு மாறாது. அதே காய்ச்சல் 23ஆம் தேதி வந்திருந்தால் 16 நாள் கடந்திருக்கும், மூன்று நாளும் புதிதாகக் கிடைத்திருக்கும். அது இரண்டாவது தடவையாகவும் பதிவாகும்.

12 மாதம் என்பதும் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவதல்ல. இன்றிலிருந்து பின்னோக்கி 12 மாதம் பார்ப்பார்கள். புது வருடம் பிறந்தவுடன் கணக்கு பூச்சியமாகாது.

படி 4: இரண்டாம் நாள் மாலையில் ஒரு முடிவு

நாளை மறுநாளும் போக முடியாது போலத் தெரிந்தால், மூன்றாம் நாள் காலையிலேயே உங்கள் குடும்ப வைத்தியரிடம் நேரம் கேளுங்கள். நான்காம் நாள் கேட்டு, ஐந்தாம் நாள் நேரம் கிடைத்தால் நடுவில் ஒரு நாள் அந்தரத்தில் நிற்கும். சீக்மெல்டிங் வைத்தியர் உங்களைப் பார்த்த நாளிலிருந்துதான் பொதுவாக எழுதப்படும். பின்தேதியிட்டுத் தருவது விதிவிலக்கு, 'நேரம் கிடைக்கவில்லை' என்பதற்காக எழுதித் தருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

படி 5: திரும்பியதும் படிவம்

எழுத்தில் உறுதிசெய்யும்படி வேலை தருபவர் கேட்கலாம். இப்போது பெரும்பாலும் கைபேசியிலோ கணினியிலோ பதிவதுதான். வராமைக்கான காரணப் பட்டியலில் `Egenmelding` என்பதைத் தெரிவுசெய்து, முதல் நாளையும் கடைசி நாளையும் கொடுங்கள். அதே பட்டியலில் `Sykmelding`, `Sykt barn` என்பவையும் அருகருகே இருக்கும், அவசரத்தில் மாறித் தட்டிவிடுவது அடிக்கடி நடக்கும். `Sykmelding` என்று பதிந்துவிட்டால், வராத வைத்தியர் கடிதத்தைச் சம்பளப் பிரிவு தேடிக்கொண்டிருக்கும். வேலையால் வந்த காயமா என்று படிவம் கேட்டால் உண்மையை எழுதுங்கள். வேலையிடத்தில் விழுந்து கை சுளுக்கியதைச் சாதாரண சுகயீனமாக எழுதிவைத்தால், பின்னால் அதையே வேலைக் காயம் என்று நிறுவுவது கடினம்.

எங்கே இது செல்லாது

பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் இந்த மூன்று நாளைத் தொடாதீர்கள். அதற்குத் தனி உரிமை இருக்கிறது: பிள்ளைக்கு 12 வயதாகும் ஆண்டு முடியும் வரை, ஒவ்வொரு பெற்றோருக்கும் ஆண்டுக்கு 10 நாள். இரண்டுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் 15. மேலே சொன்ன `Sykt barn` அதற்குத்தான்.

களைப்பு, வீட்டுப் பிரச்சினை, விமான நிலையத்துக்கு உறவினரை அழைக்கப் போவது, இவையெல்லாம் ஏகென்மெல்டிங்குக்குள் வராது. உங்கள் சொந்த வருத்தமோ காயமோ காரணமாக வேலை செய்ய இயலாமல் இருக்க வேண்டும்.

கோடை விடுமுறையில் வருத்தம் வந்தால், அந்த விடுமுறை நாட்களைப் பின்னர் திரும்பக் கேட்கலாம். ஆனால் அங்கே உங்கள் சொல் போதாது, வைத்தியரின் உறுதிப்படுத்தல் கட்டாயம். ஊருக்குப் போய் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தவர்கள் அங்குள்ள வைத்தியரிடம் கடிதம் வாங்காமல் வந்துவிட்டு, ஒஸ்லோவில் ஏகென்மெல்டிங் எழுதப் பார்ப்பது பயன் தராது.

உரிமையைப் பறிக்க முடியுமா?

முடியும், இரண்டு நிலைகளில். 12 மாதத்துக்குள் குறைந்தது 4 தடவை எடுத்திருந்தால், அல்லது வராததற்கு உண்மையான காரணம் சுகயீனம் அல்ல என்று நம்ப நியாயமான அடிப்படை இருந்தால். சம்பளம் வந்த மறுநாள் மட்டும் தவறாமல் சுகமில்லாமல் போவதைக் கவனிக்கும் பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் முடிவெடுக்கும் முன் உங்கள் பக்கத்தைச் சொல்ல உங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். பறிக்கப்பட்டால் ஒரு நாள் வராவிட்டாலும் வைத்தியர் கடிதம் கொண்டுபோக வேண்டியிருக்கும். அந்த முடிவை 6 மாதம் கழித்து வேலை தருபவர் மீண்டும் பார்க்க வேண்டும். ஆகவே அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, நாள் வந்ததும் நீங்களே கேளுங்கள்.