ஆப்சென்ட் போட்ட பாடம் கணக்கில் வருகிறதா?

மன்னார்குடியில் டியூஷன் நடத்தும் அண்ணன் ஒருவர் மாதிரித் தேர்வு மதிப்பெண் பட்டியலை எக்செலில் அனுப்பியிருந்தார். தேர்ச்சிக்கு 35, இரண்டு பாடம் வரை போனால் துணைத்தேர்வு, அதற்கு மேல் தோல்வி. இது அவர் வைத்த வரம்பு, உங்களுடையது வேறாக இருக்கலாம்.

ஒரு பையனுக்கு 52, 28, AB, 31, 47. மழையில் பஸ் வராமல் கணக்குத் தேர்வை விட்டுவிட்டான். COUNTIF-இல் `"<35"` என்று எண்ணினால் 2தான் வருகிறது, ஏனென்றால் AB எண் இல்லை. உண்மையில் 3. அதனால் தேறிய பாடங்களை எண்ணி ஐந்திலிருந்து கழியுங்கள்:

```
H2: =5-COUNTIF(C2:G2,">=35")
I2: =IF(H2=0,"தேர்ச்சி",IF(H2<=2,"துணைத்தேர்வு","தோல்வி"))
```

நன்றாக எழுதிய பிள்ளைக்கும் தோல்வி காட்டுகிறதா? மதிப்பெண் கட்டத்தின் இடது ஓரம் ஒட்டி நிற்கிறதா பாருங்கள். அது எழுத்தாகப் பதிந்திருக்கிறது. எண்ணாக மாற்றினால் சரியாகிவிடும்.