கைதியில் கை இல்லை

பாரிமுனையில் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் பேச்சு எப்படியோ 'கைதி' என்ற சொல்லுக்கு வந்து நின்றது. "கையைக் கட்டி இழுத்துட்டுப் போறாங்க இல்ல சார், அதனாலதான் கைதி" என்றார் பக்கத்தில் நின்றவர். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "வக்கீல் குமாஸ்தா" என்றார். வக்கீல் அரபு, குமாஸ்தா பாரசீகம். சொல்லவில்லை, டீ ஆறிவிடும்.

'பஜார்' நம்மை ஏமாற்றுவதில்லை. பர்மா பஜார், பாண்டி பஜார் என்று சொல்லும்போதே அது அங்காடியும் சந்தையும் பிறந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று காது சொல்லிவிடும். பாரசீகத்தில் 'பாஸார்' என்பதுதான் இங்கே பஜார். சிக்கல், உள்ளூர் முகம் வைத்திருக்கும் சொற்களில்தான். அவற்றில் முதலிடம் கைதிக்கு.

ஒரு சொல்லின் முதல் எழுத்துகள் தெரிந்த தமிழ்ச் சொல்லைப் போல இருந்தால், அதிலிருந்தே பொருளைக் கட்டிவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. கைதி விஷயத்தில் இதைச் சோதிக்க எளிய வழி, அக்கம்பக்கத்து மொழிகளைக் கேட்பது. தெலுங்கில் கைக்கு 'செய்யி', இந்தியில் 'ஹாத்'. ஆனால் சிறையில் இருப்பவரை இரண்டு மொழியிலும் ஏறக்குறைய 'கைதீ' என்றுதான் சொல்கிறார்கள். கையிலிருந்து இந்தச் சொல் பிறந்திருந்தால், கையைக் கை என்று சொல்லாத மொழிகளில் அதற்கு என்ன வேலை? (கன்னடத்தை இந்தச் சோதனைக்கு இழுக்காதீர்கள். அங்கேயும் கை கைதான், கைதியும் கைதிதான். ஒன்றும் தெளியாது.)

அரபியில் 'கய்த்' என்றால் தளை, விலங்கு. அதுவே நம் 'கைது'. அதோடு பாரசீக 'ஈ' விகுதி சேர்ந்தால் தளைப்பட்டவர் என்ற பொருளில் 'கய்தீ'. தமிழிலும் படகோட்டி, கொலையாளி என்று ஆளைக் குறிக்கும் சொற்கள் இகரத்தில் முடிவதால், வந்த விகுதி உறுத்தவில்லை. முன்னால் கை, பின்னால் இகரம், நடுவில் ஒரு வல்லினம். மாறுவேடம் கச்சிதம். கைமாவும் இதே கூட்டம்தான். கையால் கொத்துவதால் வந்த பெயர் இல்லை, பாரசீகம் வழி வந்த சொல்.

இரண்டாவது தவறு, கிரந்த எழுத்தை மட்டும் நம்புவது. ஜ, ஷ, ஹ இருந்தால் வடமொழி, இல்லாவிட்டால் தமிழ் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கில் ஜாமீனும் ஜப்தியும் வடமொழியாகிவிடும். பாக்கி, வாரிசு, தகராறு, வசூல் எல்லாம் தமிழாகிவிடும். ஆறுமே அரபு மூலம் உள்ளவை. எழுத்தைவிடச் சொல் நடந்துகொள்ளும் விதம் அதிகம் காட்டிக்கொடுக்கும். கைது, ரத்து, ஜப்தி, தாக்கல் எதையும் நேராக வினையாக்க முடியாது. பக்கத்தில் ஒரு 'செய்' வேண்டும், இல்லையென்றால் 'ஆகு' வேண்டும். இது சந்தேகத்தைக் கிளப்பும் அடையாளம்தானே தவிர முடிவு இல்லை. உதவியும் பூஜையும்கூடச் 'செய்' போட்டுக்கொள்பவைதான். அதேபோல, வந்த சொல் என்று தெரிந்தவுடன் 'உருது' என்று முத்திரை குத்தவும் வேண்டாம். சாவி, ஜன்னல், மேஜை, ஏலம் நான்கும் போர்ச்சுக்கீசியர் விட்டுச் சென்றவை.

மூன்றாவது தவறு கொஞ்சம் படித்தவர்கள் செய்வது. அரபுச் சொல் என்றால் அரபு வணிகர் கப்பலில் கொண்டுவந்தது என்று எழுதிவிடுகிறார்கள். இதைச் சரிபார்க்கச் சென்னைச் சுவரொட்டிகளே போதும். நோன்பு மாதத்தில் ஒரு சுவரொட்டி 'ரமலான்' என்கும், அடுத்தது 'ரம்ஜான்' என்கும். அரபியில் ஒரே சொல். நடுவில் வரும் அழுத்தமான ஒலி நமக்கும் கிடையாது, பாரசீகருக்கும் கிடையாது. கடற்கரைத் தமிழ் முஸ்லிம்கள் அரபியிலிருந்து நேராக எடுத்தபோது அதை லகரமாகவோ ளகரமாகவோ ஒலித்தார்கள். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவதை 'உளூ' என்பதும் அப்படி வந்ததே. பாரசீகர்கள் அதே ஒலியை ஆங்கில இசட் போல உச்சரித்தார்கள். உருதுவும் அப்படியே ஏற்றது. தமிழில் அது ஜகரமானது.

இப்போது நீதிமன்றச் சொற்களைப் பாருங்கள். ஜாமீன், ஜப்தி, ஜில்லா, மாஜி நான்கிலும் அரபியில் இருப்பது ரமலானில் உள்ள அதே ஒலி. நமக்கு லகரமாக வரவில்லை, ஜகரமாக வந்திருக்கிறது. வாரிசுவும் சாட்சி சொல்கிறது: அரபியில் அதன் கடைசி ஒலி நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வது, பாரசீக வாயில் அது சகரமாகிறது, நம்மிடம் இருப்பதும் சகரமே. ஆக இவை மூலத்தில் அரபு, வந்த வழியில் பாரசீகம். பாரசீகத்தில் கணக்கு எழுதிய அரசுகளின் அலுவலகங்களிலிருந்து வந்தவை. ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை மெரினாவுக்கு எதிரே இன்றும் நிற்கிறது. தாசில்தாரும் தாலுகாவும் அதைவிடத் திடமாக நிற்கின்றன.

எல்லாம் நவாப் வழி என்றும் சொல்லிவிட முடியாது. 'ராஜினாமா' என்பதற்கு மூலப்பொருள் சம்மதப் பத்திரம். இந்தியில் இன்றும் சமரச ஒப்பந்தம் என்றே பொருள். வேலையை விடுவது என்ற பொருள் மராத்தியில் இருக்கிறது. நம் பொருள் மராத்தியோடு ஒத்துப்போவதால், தஞ்சை மராட்டியர் போன்றவர்களின் நிர்வாகம் வழியாகவும் சில சொற்கள் வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். அகராதியில் பெரும்பாலும் ஒரு மொழிப் பெயரோடு நிறுத்திவிடுவார்கள். பொருளையும் ஒப்பிட்டால்தான் பாதை தெரியும்.

இன்னொன்று 'தார்'. பாரசீகத்தில் வைத்திருப்பவர். தாசில்தார், ஜமீன்தார் இரண்டும் முழுசாக வந்தவை. அப்புறம் தமிழ் அந்த விகுதியைத் தனியாகக் கழற்றி, ஒரு 'அர்' சேர்த்து, பங்குதாரர், குத்தகைதாரர், விண்ணப்பதாரர் என்று தன் போக்கில் செய்துகொண்டது. அதனால் 'தாரர்' என்ற முடிவை வைத்து முன்பாதியையும் பாரசீகம் என்று எழுதுவது தவறு.

இங்கே பலரும் வழுக்கி விழும் ஜோடி ஒன்று உண்டு: பட்டாதாரர், பட்டதாரி. முன்பாதி இரண்டுக்கும் உறவுதான். பின்பாதியில் பட்டாதாரரிடம் இருப்பது பாரசீக 'தார்'. பட்டதாரியிடம் இருப்பது வேடதாரி, ஆயுததாரி ஆகியவற்றில் வரும் வடமொழி 'தாரி'. பன்மையாக்கிப் பாருங்கள். பட்டாதாரர் என்பதில் 'அர்' ஏற்கெனவே மரியாதை கொடுத்துவிட்டது, 'கள்' சேர்த்தால் பட்டாதாரர்கள். பட்டதாரிக்கு நேரே பட்டதாரிகள். 'பட்டதாரர்' என்று யாரும் சொல்வதில்லை. வேடிக்கை என்னவென்றால், பாரசீக தாரும் வடமொழி தாரியும் பழைய ஒரே வேரின் கிளைகள், இரண்டுக்கும் தாங்குதல், வைத்திருத்தல் என்பதே பொருள். ஒன்று ஈரான் பக்கம் போய்ச் சுற்றி, பட்டா வாங்குகிற வரிசையில் வந்து நின்றுகொண்டது.