வெண்டைச் செடி குட்டையான கதை: பள்ளித் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். ஏழாம் வகுப்பின் தோட்ட நோட்டை டீச்சர் நீட்டினார். வெண்டை மூன்றாம் வாரம் 14.5 செ.மீ., நான்காம் வாரம் 13. "செடி எப்படி சார் குட்டையாகும்? பிள்ளைங்க தப்பா அளந்திருக்காங்க" என்றார். நானும் இப்படித்தான் பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன்.

மண்ணிலிருந்து அளப்பது

அந்தச் செடியின் தூரைப் போய்ப் பார்த்தேன். மழையில் வேர் தெரிகிறதென்று அந்த வார முறைக்காரர்கள் மண் அணைத்திருந்தார்கள், ஏறக்குறைய 4 செ.மீ. அளந்தது வேறு குழு. அவர்கள் ஸ்கேலின் நுனியைத் தரையில் ஊன்றியிருக்கிறார்கள். பெரும்பாலான பிளாஸ்டிக் ஸ்கேல்களில் 0 கோடு நுனியில் இருக்காது, அரை செ.மீ. போலத் தள்ளித்தான் இருக்கும். 13-உடன் 4, அதனுடன் அரை சேர்த்தால் 17.5. ஆக, செடி ஒரு வாரத்தில் 3 செ.மீ. வளர்ந்திருக்கிறது. ஸ்கேல் நுனியால் போனது அரை செ.மீ.தான், மற்றபடி தரைதான் உயர்ந்துவிட்டது.

இந்த ஒரு தவறில் எனக்கு ஒரு பருவம் முழுக்கப் போயிற்று. ஜூன் மழையில் மண் கரைந்தது, வெயிலில் அமுங்கியது, நடுவே தேங்காய்க் கதம்பை வேறு பரப்பினோம். வரைபடம் மலை ஏறி இறங்குவதுபோல் வந்தது. எந்த அளவு எதனால் மாறியது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

இப்போது நான் செய்வது இதுதான். முளைத்த வாரத்திலேயே செடியிலிருந்து நாலு விரல் தள்ளி ஒரு மூங்கில் குச்சியை ஒரு அடி ஆழம் இறக்கிவிடுவேன். அன்றைய மண்மட்டத்திலிருந்து 5 செ.மீ. உயரத்தில் பெயின்ட் கோடு. செடி கோட்டைத் தாண்டிய பிறகு, கோட்டு மட்டத்திலிருந்து குருத்து வரை அளந்து 5-ஐக் கூட்டச் சொல்வேன். மண் ஏறினாலும் இறங்கினாலும் கோடு நகராது. (மரச்சீனிக் கம்பை ஊன்றாதீர்கள். அது துளிர்த்து, பிள்ளைகள் அதையும் அளந்தார்கள்.)

அளப்பவர்களையும் வாரம்தோறும் மாற்றுவது

தண்ணீர், களை, குப்பை கூட்டுவது எல்லாம் முறைவைத்து மாறட்டும். அளவு மட்டும் ஒரே இருவரிடம் இருக்கட்டும். மாற்றியே ஆகவேண்டுமென்றால் ஒருவரை மாற்றி, பழையவர் கூட நிற்க ஒரு வாரம் அளக்க வையுங்கள்.

முறைப்பட்டியல் சுவரில், அளவு நோட்டில்

இரண்டும் ஒரே பக்கத்தில் வேண்டும். தேதி, உயரம், இலை எண்ணிக்கை, பக்கத்திலேயே "இந்த வாரம் என்ன செய்தோம்". அங்கே "மண் அணைத்தோம்" என்று இரண்டு சொல் இருந்திருந்தால் டீச்சருக்குக் குழப்பமே வந்திருக்காது.

இலையைத் தூக்கிப் பிடித்து அளப்பது

குருத்து வரைதான். இலை கணக்கில்லை.

மழை நாளிலும் தண்ணீர்

விரலை மண்ணில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரமென்றால் பட்டியலில் "ஊற்றவில்லை" என்று எழுதட்டும்.

மழை லீவு விட்ட வாரம்

காலியாக விடுங்கள். திங்கட்கிழமை வந்து குத்துமதிப்பாக நிரப்பிய நோட்டை நான் திருத்துவதில்லை.