விலை ஏறும்போது சரக்கிருப்பு கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஃபைஃபோவும் எடையிட்ட சராசரியும்

மதுரை கீழமாசி வீதியில் மொத்த வியாபாரம் செய்கிற ஒரு பருப்புக் கடையை எடுத்துக்கொள்வோம். துவரம் பருப்பு, 50 கிலோ மூட்டை. வருட ஆரம்பத்தில் இருப்பு எதுவும் இல்லை, வருடத்தில் மூன்று லோடு வந்தது. முதல் லோடு 100 மூட்டை, மூட்டை 5,000 ரூபாய். இரண்டாவது 100 மூட்டை, 5,400. மூன்றாவது 200 மூட்டை, 6,000. லாரி வாடகையும் இறக்குகூலியும் இந்த விலைக்குள்ளேயே இருக்கின்றன, கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நான் வைத்த விலைகள்தான். ஆக 400 மூட்டை, 22,40,000 ரூபாய். இதில் 250 மூட்டை சராசரி 6,000 ரூபாய்க்கு விற்று 15,00,000 வந்தது. மார்ச் 31 அன்று குடோனில் 150 மூட்டை நிற்கிறது. அந்த 150 மூட்டையின் மதிப்பு என்ன? லாபம் எவ்வளவு என்பது இதற்குச் சொல்லும் பதிலில்தான் இருக்கிறது.

ஃபைஃபோ, அதாவது முதலில் வந்தது முதலில் போகும் என்ற முறையில், விற்ற 250 மூட்டைக்கு 5,000 விலையில் 100, 5,400 விலையில் 100, 6,000 விலையில் 50 என்று எடுக்க வேண்டும். அடக்கம் 13,40,000. மிச்சம் நிற்கிற 150 மூட்டையும் கடைசி லோடு, ஆகவே 9,00,000. லாபம் 1,60,000.

எடையிட்ட சராசரியில் 22,40,000-ஐ 400 மூட்டையால் வகுத்தால் 5,600. விற்றதன் அடக்கம் 14,00,000, இருப்பு 8,40,000, லாபம் 1,00,000. அதே கடை, அதே பருப்பு, அதே விற்பனை, லாபத்தில் 60,000 வித்தியாசம். விலை ஏறுகிற காலத்தில் பழைய மலிவு விலையை விற்பனைக்கு எதிரே வைப்பதால் ஃபைஃபோ லாபத்தைக் கூட்டிக் காட்டும், இருப்பையும் இன்றைய விலைக்குப் பக்கத்தில் வைக்கும்.

முதல் தவறு இங்கேயே நடக்கிறது. மூன்று விலையையும் கூட்டி மூன்றால் வகுத்து 5,467 என்று சராசரி போட்டுவிடுகிறார்கள். 200 மூட்டை வந்த லோடுக்கும் 100 மூட்டை வந்த லோடுக்கும் ஒரே கனம் கொடுத்தால் அது எடையிட்ட சராசரியே இல்லை. தப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். விற்ற சரக்கின் அடக்கத்தையும் இருப்பின் மதிப்பையும் கூட்டினால், ஆரம்ப இருப்பும் கொள்முதல் பில்களும் சேர்ந்த மொத்தம், நம் உதாரணத்தில் 22,40,000, வர வேண்டும். 5,467 போட்டால் ஏறக்குறைய 53,000 ரூபாய் எங்கேயோ காணாமல் போயிருக்கும். எந்த முறையில் கணக்குப் போட்டாலும் இந்தக் கூட்டலை ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே பிடிபட்டுவிடும்.

அடுத்தது ஃபைஃபோ என்றால் கடைசி பில் விலையை மொத்த இருப்புக்கும் போடுவது என்று நினைப்பது. நம் உதாரணத்தில் இருப்பு 150, கடைசி லோடு 200, அதனால் தற்செயலாகச் சரியாக வந்தது. இருப்பு 250 மூட்டையாக இருந்தால் 200 மூட்டைக்கு 6,000, மீதி 50 மூட்டைக்கு 5,400 என்றுதான் போட வேண்டும், மொத்தம் 14,70,000. எல்லாவற்றுக்கும் 6,000 போட்டு 15,00,000 என்று வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுத்தால், இல்லாத 30,000-க்கும் சேர்த்து ஓ.டி. லிமிட் கணக்காகும், ஆண்டு முடிவில் ஆடிட்டர் போடும் எண்ணோடு அது ஒத்தும் வராது. டாலியில் `Last Purchase Cost` என்று ஒரு தேர்வும் `FIFO` என்று ஒரு தேர்வும் தனித்தனியே இருப்பது இதனால்தான்.

மூட்டை எந்த வரிசையில் வெளியே போகிறது என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. வண்டு விழும் என்று எந்தக் குடோனிலும் பழைய லாட்டைத்தான் முதலில் தள்ளுவார்கள், சாக்பீஸில் லாட் குறி போட்டு அடுக்குவதே அதற்குத்தான். அப்படிச் செய்கிற கடையும் புத்தகத்தில் எடையிட்ட சராசரி வைத்துக்கொள்ளலாம், தடையில்லை. நம் நாட்டுக் கணக்கியல் தரநிலையிலும் வருமான வரிக்கான கணக்கீட்டுத் தரநிலையான ஐ.சி.டி.எஸ்.-இலும் இந்த இரண்டு முறைக்குமே இடம் உண்டு. கடைசியில் வந்தது முதலில் போகும் என்கிற லிஃபோவுக்குத்தான் இடமில்லை.

இனி, எனக்கு ரொம்பக் கவலை தருகிற தவறு. ஃபைஃபோ 1,60,000 லாபம் காட்டியதும் அந்தப் பணத்தை வீட்டுச் செலவுக்கோ இடம் வாங்கவோ எடுத்துவிடுகிறார்கள். நிதானமாகப் பாருங்கள். விற்ற 250 மூட்டையை மறுபடி நிரப்ப வேண்டும் என்றால் இன்றைய விலை 6,000, ஆக 15,00,000 வேண்டும். விற்று வந்ததே 15,00,000தான். கடை வாடகை, ஆள் சம்பளம் எதையும் கழிக்காமலே கையில் மிஞ்சுவது பூஜ்யம். லாபம் பொய்யில்லை, ஆனால் அது முழுக்க விலையேற்றத்தால் வந்தது, மூட்டையாக மாறி குடோனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. சராசரி முறை 1,00,000 என்று கொஞ்சம் அடக்கமாகச் சொல்கிறது, அதுவும் எடுத்துச் செலவழிக்கிற பணம் இல்லை. விலை ஏறுகிற வருடத்தில், லாபக் கணக்குக்குப் பக்கத்திலேயே “இதே அளவு சரக்கை இன்றைக்கு வாங்க எவ்வளவு ஆகும்” என்று ஒரு வரி எழுதி வையுங்கள். எடுக்கிற பணத்தை அந்த எண் தீர்மானிக்கட்டும். வருமான வரி கட்டவும் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம், சரக்கை மறுபடி நிரப்புகிற செலவைப் பார்த்து அந்த வரி குறையாது.

அப்படியானால் சராசரிக்கு மாறினால் 60,000-க்கு வரி மிச்சமா? மிச்சம் இல்லை, தள்ளிப்போகிறது. அடுத்த வருடம் அந்த 150 மூட்டையை 6,200-க்கு விற்றால் 9,30,000. ஃபைஃபோவில் ஆரம்ப இருப்பு 9,00,000, லாபம் 30,000. சராசரியில் 8,40,000, லாபம் 90,000. இரண்டு வருடத்தையும் கூட்டினால் இரு முறையிலும் 1,90,000தான். இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு வருடம் இது, மறு வருடம் அது என்று மாற்றுவது பெரிய சிக்கல். நியாயமான காரணம் இல்லாமல் முறையை மாற்றக் கூடாது. டாலியில் அயிட்டத்தின் `Costing Method`-ஐ மாற்றினால், பழைய வருடங்களும் அதே டேட்டாவில் இருக்கும்போது, போன வருட இருப்பும் சேர்ந்து மாறிவிடும். அப்புறம் தாக்கல் செய்த இருப்புநிலைக் குறிப்பு ஒரு எண் சொல்லும், திரை வேறு எண் சொல்லும். இந்த வருட ஆரம்ப இருப்பும் போன வருட இறுதி இருப்பும் ஒன்றா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

கடைசியாக, விலை ஏறிய பிறகு இறங்குவதும் உண்டு. மார்ச் முடிவில் விற்பனைச் செலவு போக மூட்டைக்கு 5,700தான் கிடைக்கும் என்றால், அடக்கம், கிடைக்கக்கூடிய விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் போட வேண்டும். ஃபைஃபோவில் 6,000 என்று நிற்கிற 150 மூட்டையை 5,700-க்கு இறக்கி 45,000 நஷ்டம் எழுத வேண்டும். சராசரியில் அடக்கம் 5,600, அதைத் தொட வேண்டியதில்லை. 5,700 கிடைக்கிறதே என்று ஏற்றி எழுதவும் கூடாது.