இன்னும் பத்து நாள் கேட்கும் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எதிர்பாராத சில காரணங்களால் பணி சற்றுத் தாமதமாகியுள்ளது. தயவுகூர்ந்து சில நாட்கள் அவகாசம் அளிக்கவும். விரைவில் முடித்துத் தருகிறோம்." இப்படி ஒரு மெயிலை வாடிக்கையாளருக்கு நானும் அனுப்பியிருக்கிறேன். பணிவாகத்தான் இருக்கிறது, இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் அதைப் படிப்பவர் தன் நாட்காட்டியில் குறித்துக்கொள்ள அதில் ஒரு தேதிகூட இல்லை. உடனே போன் வரும், "சரி, எப்பதான் முடியும்?" என்று. யோசிக்காமல் வாய்க்கு வந்த ஒரு தேதியைச் சொல்வோம். அந்தத் தேதியும் தவறும்.

நான் தொழில்நுட்ப மொழிபெயர்ப்பு செய்பவன். ஒரு வேலையைக் கணக்கோடு எடுத்துக்கொண்டால் தவறுகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தெரியும். ஓர் இயந்திரத்தின் இயக்கக் கையேடு, மொத்தம் 320 பக்கம். மே 25 திங்கட்கிழமை தொடங்கி ஜூன் 30-க்குள் ஒப்படைக்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து வேலை நாள் என்றால் 27 நாள் கிடைக்கும். மொழிபெயர்ப்புக்கு 20 நாள், அதாவது நாளுக்கு 16 பக்கம். மீதி 7 நாள் பிழைதிருத்தத்துக்கும் பக்க வடிவமைப்புக்கும். திட்டம் இதுதான்.

ஜூன் 12 மாலை கணக்குப் பார்த்தேன். 15 நாள் ஓடியிருந்தது. 240 பக்கம் முடிந்திருக்க வேண்டும், முடிந்தது 150.

முதல் தவறு அதற்கு ஒரு வாரம் முன்பே நடந்துவிட்டது. ஜூன் 5 அன்றே பின்தங்கியிருப்பது தெரிந்தது. "அடுத்த வாரம் இழுத்துப் பிடித்துவிடலாம்" என்று வாயை மூடிக்கொண்டேன். கெடுவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது சொன்னால் வாடிக்கையாளர் தன் பக்கத்து வேலைகளை நகர்த்திக்கொள்ள முடியும். மூன்று நாள் இருக்கும்போது சொன்னால் கோபப்பட மட்டும்தான் முடியும். சில துறைகளில் இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. கட்டுமானத்தில் உலகெங்கும் பயன்படும், ஃபிடிக் என்ற பன்னாட்டுப் பொறியாளர் கூட்டமைப்பு வெளியிடும் மாதிரி ஒப்பந்தங்களில், தாமதத்துக்கான காரணம் தெரிய வந்த 28 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்காவிட்டால் கூடுதல் காலம் கேட்கும் உரிமையே போய்விடும். ஆகவே கடிதம் எழுதும் முன் உங்கள் ஒப்பந்தத்தில் அறிவிப்புக்கான காலக்கெடு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது காரணம். என் 90 பக்கக் குறைவுக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஜூன் 3 அன்று வாடிக்கையாளர் சில படங்களை மாற்றி அனுப்பினார். உதிரிபாகங்களின் எண்களும் பெயர்களும் மாறியதால் முடித்து வைத்திருந்த 30 பக்கங்களைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. மீதி 60 பக்கக் குறைவு முழுக்க என் கணிப்புத் தவறு. அட்டவணைகளும் எச்சரிக்கைக் குறிப்புகளும் நிறைந்த பக்கங்கள் நாளுக்கு 12-க்கு மேல் நகரவில்லை, நான் 16 என்று போட்டிருந்தேன்.

இந்த இடத்தில் கை தானாக எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு: "தாங்கள் படங்களை மாற்றியதால் பணி தாமதமாகிறது." பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த 30 பக்கங்களை வாடிக்கையாளரும் எண்ணிப் பார்ப்பார். நாளுக்கு 12 பக்கம் என்றால் அது இரண்டரை நாள் வேலை. நான் கேட்கப்போவதோ பத்து நாள். மீதி ஏழரை நாள் எங்கே போனது என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இருக்காது. அதன்பின் நியாயமான அந்த இரண்டரை நாளையும் அவர் நம்ப மாட்டார்.

இதற்கு நேர் எதிரான தவறையும் நிறையப் பேர் செய்கிறார்கள். எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டு மூன்று பத்தி மன்னிப்புக் கேட்பது, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதுவரை எழுதுவது. மன்னிப்புக்கு ஒரு வரி போதும். ஒவ்வொரு காரணத்துக்கும் பக்கத்தில் அது தின்ற நாட்கள் எத்தனை என்று எழுதுவதுதான் முக்கியம். நாட்களாக மாற்ற முடியாத காரணம் என்றால், "வேலைப்பளு" மாதிரி, அதை விட்டுவிடலாம்.

இனி புதிய தேதி. பெரும்பாலான கடிதங்கள் கவிழ்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எனக்கு மீதியிருந்தது 170 பக்கம். பழைய திட்டத்தின் வேகத்தில், அதாவது நாளுக்கு 16 பக்கம் என்று போட்டால் 11 நாள், அப்புறம் பிழைதிருத்தமும் வடிவமைப்பும் 7 நாள். ஜூலை 8 வருகிறது. கேட்கவும் கூச்சமில்லாத தேதி. ஆனால் எந்த வேகம் எனக்கு வரவில்லை என்று பதினைந்து நாளாகத் தெரிந்துகொண்டேனோ, அதே வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. வந்த வேகத்தில், நாளுக்கு 12 என்று போட்டால் 15 நாள், ஜூலை 3. அதோடு 7 நாள் சேர்த்தால் ஜூலை 14.

இன்னொரு நுட்பமும் உண்டு. 15 நாளில் 150 பக்கம் என்பதால் வேகம் 10 என்று எடுக்கத் தோன்றும். திரும்பச் செய்த 30-ஐயும் சேர்த்தால் உண்மையில் உழைத்தது 180 பக்கத்துக்கு. இனிப் படங்கள் மாறாது என்று வாடிக்கையாளர் உறுதி சொன்னால் 12 சரி. சொல்லாவிட்டால் 10 என்று வைத்துக்கொள்வதே பத்திரம். ஆகவே அந்த உறுதியைக் கடிதத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

நம் மனக்கணக்கை நம்பக் கூடாது என்பதற்கு 1994-இல் ரோஜர் ப்யூலரும் சக உளவியலாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால்? சுமார் 49 நாள். ஆனது 55 நாளுக்கும் மேல். அவர்கள் போட்ட மிக மோசமான கணக்கைவிடவும் நிஜம் ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கிறது.

என் வேலையில் ஒரு சிறு வசதி இருந்தது. முடிந்த அத்தியாயங்களைப் பிழைதிருத்துநர் இப்போதே எடுத்துக்கொண்டால் கடைசி 7 நாளில் சுமார் மூன்று நாள் மிச்சமாகும். அதைக் கழித்து ஜூலை 9 என்று எழுத ஆசையாகத்தான் இருந்தது. எழுதவில்லை. அந்த மூன்று நாளும் என் கையிருப்பு. வாக்குறுதி ஜூலை 14, மனதுக்குள் இலக்கு ஜூலை 9. குறைவாகக் கேட்டுவிட்டு இரண்டாம் முறை போய் நிற்பது, முதலிலேயே பத்து நாள் கேட்பதைவிட எவ்வளவோ மோசம்.

"கூடுதல் ஆட்களைச் சேர்த்து ஈடுகட்டுவோம்" என்ற வரியையும் யோசித்து எழுதுங்கள். தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று கணினி அறிஞர் ஃப்ரெட் புரூக்ஸ் 1975-இல் எழுதினார். மொழிபெயர்ப்புக்கும் அது பொருந்தும். புதியவர் கலைச்சொல் பட்டியலைப் பழகி, என் நடைக்கு வருவதற்குள் மூன்று நாள் போகும். அவரைப் பழக்குவதில் என் நேரமும் போகும்.

தேதியோடு கடிதம் முடிந்துவிடுவது இன்னொரு தவறு. வாடிக்கையாளருக்கு ஜூன் 30 எதற்காக வேண்டும்? விசாரித்தேன். ஜூலை 6 அன்று இயந்திரம் இயக்குபவர்களுக்குப் பயிற்சி தொடங்குகிறது. முதல் வாரத்துக்கு அவர்களுக்குத் தேவைப்படுவது நிறுவுதல், பாதுகாப்பு பற்றிய அத்தியாயங்கள் மட்டும். 110 பக்கம், மொழிபெயர்ப்பு முடிந்தே இருந்தது. பழுதுபார்ப்புப் பகுதியை யாரும் உடனே புரட்டப்போவதில்லை. எனவே வேலையை இரண்டாகப் பிரித்தேன். கடிதத்தின் முக்கியப் பகுதி இப்படி அமைந்தது:

"பொருள்: கையேடு மொழிபெயர்ப்பு – ஒப்படைப்புத் தேதியை ஜூன் 30-லிருந்து ஜூலை 14-க்கு மாற்றக் கோரிக்கை

இன்றுவரை 320 பக்கங்களில் 150 முடிந்துள்ளன. திட்டப்படி 240 முடிந்திருக்க வேண்டும். மொத்தம் 10 வேலை நாள் கூடுதலாகத் தேவைப்படுகிறது. இதில் இரண்டரை நாள், ஜூன் 3 அன்று வந்த படமாற்றங்களால் 30 பக்கங்களைத் திரும்பச் செய்ததால் ஏற்பட்டது. மீதி ஏழரை நாள் எங்கள் கணிப்புத் தவறு. நாளுக்கு 16 பக்கம் என்று எண்ணியிருந்தோம், 12 தான் முடிகிறது. அதற்காக வருந்துகிறோம்.

ஜூன் 26: நிறுவுதல், பாதுகாப்பு அத்தியாயங்கள் (110 பக்கம்), அச்சுக்குத் தயாராக.
ஜூலை 3: மீதிப் பகுதிகளின் மொழிபெயர்ப்பு முடிவு.
ஜூலை 14: முழுக் கையேடு.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முடிந்த பக்க எண்ணிக்கையை அனுப்புகிறோம். படங்களில் இனி மாற்றம் இல்லை என்பதையும், புதிய தேதிகளுக்கான ஒப்புதலையும் ஜூன் 17-க்குள் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்."

பொருள் வரியிலேயே இரண்டு தேதிகளும் இருப்பதைக் கவனியுங்கள். "ஒரு சிறு தகவல்" என்று தலைப்பிட்ட மெயில் மூன்று நாள் திறக்கப்படாமலே கிடக்கும். ஒப்புதலுக்கு நாள் குறித்ததும் வேண்டுமென்றேதான். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஜூலையில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

ஒப்பந்தத்தில் தாமதத்துக்கு நாள்வாரி அபராதம் இருந்தால் இன்னொரு வரியும் வேண்டும்: அபராதம் இனி ஜூலை 14-க்குப் பிறகுதான் கணக்கிடப்படுமா? "சரி, எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற பதிலுக்கு, கூடுதல் நாள் தருகிறோம் ஆனால் அபராதமும் உண்டு என்று பொருள் சொல்ல இடமிருக்கிறது. இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் ஒப்பந்தம் மாறும் என்று விதி இருந்தால் மெயில் ஒப்புதலோடு நிற்காமல் ஒரு பக்கத் திருத்தத்தில் கையெழுத்தும் வாங்க வேண்டும்.

எனக்கு ஜூன் 16 அன்று பதில் வந்தது. தேதிகளை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் படங்களில் இன்னும் ஒரு மாற்றம் வரவிருக்கிறதாம், நான்கு பக்கம். அன்றே பதில் எழுதினேன்: மூன்றில் ஒரு பங்கு நாள்தான் ஆகும், ஜூலை 14 மாறாது, ஜூன் 22-க்குள் படம் கைக்கு வந்தால்.