நெட் ஸ்லோவா? கேபிளில் தொடங்கி மேலே ஏறுங்கள்

நீலகிரியில் நெட் ஏன் ஸ்லோ என்று கேட்டால் பாதிப் பேர் மூடுபனியைக் கை காட்டுவார்கள், மீதிப் பேர் நெட் கம்பெனியைத் திட்டுவார்கள். மூடுபனி விஷயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவர்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. வைஃபை ஓடும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளை மூடுபனி கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது. ஈரம் தன் வேலையைக் காட்டுவது வெளியே ஓடும் கேபிளின் இணைப்புகளில். அதை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. ரூட்டரை அணைத்துப் போடுவது, போனில் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுவது, பிளானை ஏற்றுவது என்று எல்லாம் நடக்கும், ஸ்லோ மட்டும் அப்படியே இருக்கும்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்னத் தேயிலைத் தொழிற்சாலையில் நடந்ததை வைத்தே சொல்கிறேன். பச்சைத் தேயிலை வந்து இறங்கும் எடைக் கொட்டகையில் ஒரு கம்ப்யூட்டர். இலையின் எடையை ஏற்றுவதும், அன்றைய பட்டியலைத் திறந்து பார்ப்பதும் இணையத்தில் ஓடும் ஒரு சாஃப்ட்வேரில். ரூட்டரும் சுவிட்சும் ஆபீஸில் இருக்கின்றன. அங்கிருந்து கொட்டகைக்குச் சுமார் 70 மீட்டர் கேபிள், சில்வர் ஓக் மரங்களை ஒட்டிப் போகிறது. நவம்பர் மாதம், வடகிழக்குப் பருவமழை நேரம். "தம்பி, சாயங்காலம் ஆனா நெட் படுத்துருது" என்றார் எடை போடும் அண்ணன். "ஆபீஸ்ல நல்லாத்தான் ஓடுது" என்றார் மேனேஜர். 100 எம்பிபிஎஸ் பிளானை அதற்கு முன்பே 200 ஆக்கியிருந்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. கீழே ஒவ்வொரு தலைப்பும் இப்படிப்பட்ட இடங்களில் வழக்கமாக நடக்கும் ஒரு தவறு.

"ஸ்லோ" என்பதை அப்படியே எடுத்துக்கொள்வது

எதையும் தொடுவதற்கு முன்னால் புகாரை அளக்கக்கூடிய ஒன்றாக மாற்ற வேண்டும். எந்த மெஷினில், எந்த வேலை, எத்தனை விநாடி, எந்த நேரத்தில். முக்கியமாக, அதே வேலையை இன்னோர் இடத்திலிருந்து செய்து பார்க்க வேண்டும். மேனேஜர் ஆபீஸில் நல்லா ஓடுகிறது என்று சொன்னது பொய் இல்லை. ஆனால் அவர் பார்ப்பது மெயிலும் யூடியூபும்தான், அந்தப் பட்டியல் பக்கத்தை அவர் திறப்பதே இல்லை. சரி, திறந்து பாருங்கள் என்றதும் ஆபீஸில் 12 விநாடி ஆனது. அதே பக்கம் கொட்டகையில் 40 விநாடி.

இந்த இரண்டு எண்களே பாதிக் கதையைச் சொல்லிவிடுகின்றன. கொட்டகைக்கு மட்டும் கூடுதலாக 28 விநாடி ஆகிறது என்றால், ஆபீஸுக்கும் கொட்டகைக்கும் இடையில் ஒரு கோளாறு. ஆபீஸிலேயே 12 விநாடி ஆகிறது என்றால், இரண்டுக்கும் பொதுவான இன்னொரு கோளாறு. ஒரு புகாருக்குள் இரண்டு காரணம் ஒளிந்திருப்பது அபூர்வமில்லை. ஒரே காரணத்தைத் தேடுகிறவர்கள்தான் இங்கே சுற்றிச் சுற்றி வருவார்கள்.

லைட் எரிகிறது, அதனால் கேபிள் நல்லா இருக்கிறது என்று நம்புவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. போர்ட்டில் பச்சை லைட் எரிந்தால் இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்க்கின்றன என்று அர்த்தம், அவ்வளவுதான். எந்த வேகத்தில் பேசுகின்றன, பேசுவதில் எவ்வளவு சிதைகிறது என்பதை லைட் சொல்லாது. விண்டோஸில் பவர்ஷெல் திறந்து இதை அடித்தால் முதல் கேள்விக்குப் பதில் வரும்:

```
Get-NetAdapter | Format-Table Name, LinkSpeed
```

கொட்டகை மெஷினில் `100 Mbps` என்று வந்தது. மெஷினின் போர்ட்டும் சுவிட்சின் போர்ட்டும் கிகாபிட் போர்ட்டுகள். ஈதர்நெட் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கும். கிகாபிட் ஓட நான்கும் வேண்டும், 100 எம்பிபிஎஸ் ஓட இரண்டே போதும். ஆகவே இரு முனையும் கிகாபிட்டாக இருந்தும் இணைப்பு 100-இல் நின்றால், ஏதோ ஒரு ஜோடி அறுந்திருக்கிறது அல்லது சரியாகத் தொடவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். அந்தச் சாஃப்ட்வேருக்கு 100 எம்பிபிஎஸ் தாராளம் என்பது உண்மைதான். ஆனால் ஒரு ஜோடி கெட்டுப்போன கேபிளில் மீதி ஜோடிகள் மட்டும் நன்றாக இருக்கும் என்று எதை வைத்து நம்புவது?

அடுத்தது பிங், அதாவது இன்னொரு மெஷினுக்குப் பாக்கெட் எனும் சிறு தரவுத் துண்டுகளை அனுப்பி, அவை திரும்பி வருகின்றனவா என்று பார்ப்பது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விண்டோஸ் பிங் சும்மா ஓட்டினால் 32 பைட் பாக்கெட்டை நான்கு தடவை அனுப்பும். நான்கும் திரும்பி வந்ததும் "பிங் ஓகே" என்று சொல்லிவிட்டு எழுந்து விடுவார்கள். கம்பியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிட்டுகள் சிதையும்போது சின்னப் பாக்கெட் பெரும்பாலும் தப்பித்துவிடும். பெரிய பாக்கெட்டில் பிட்டுகள் அதிகம், ஒன்று கெட்டாலும் மொத்தமும் குப்பைக்குப் போகும். அதனால் இரண்டு அளவிலும், நிறைய அனுப்பிப் பார்க்க வேண்டும். அதுவும் இணையத்துக்கு இல்லை, நம் ரூட்டருக்கு. இங்கே அதன் முகவரி 192.168.1.1:

```
ping -n 200 192.168.1.1
ping -n 200 -l 1400 192.168.1.1
```

கொட்டகையில் முதலாவதில் 200-க்கு ஒன்று தொலைந்தது. இரண்டாவதில் 11. நல்ல கம்பியில் இரண்டுமே பூஜ்யமாக இருக்க வேண்டும், நேரமும் 1 மில்லிசெகண்ட் அளவில்தான் நிற்க வேண்டும். `netstat -e` கொடுத்தால் `Errors` என்று ஒரு வரி வரும். அதைக் குறித்துக்கொண்டு பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தால் எண் ஏறியிருந்தது. ஒரு தடவை பார்த்த எண்ணுக்கு மதிப்பில்லை, அது எப்போதோ நடந்த பிழையாக இருக்கலாம். ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. சில மலிவான நெட்வொர்க் கார்டுகள் இந்தக் கணக்கை ஒழுங்காகக் காட்டாது. உள்ளே நுழைந்து கணக்குப் பார்க்கக்கூடிய மேனேஜ்டு சுவிட்ச் இருந்தால், அதன் போர்ட்டில் சிஆர்சி பிழைகளை, அதாவது சிதைந்து வந்தவற்றின் எண்ணிக்கையைப் பார்ப்பது நம்பகமானது.

நூற்றுக்கு ஒன்று தொலைந்தால் என்ன பெரிய நஷ்டம் என்று தோன்றும். ஆனால் பாக்கெட்டுகளை எண்ணி அனுப்பி, தொலைந்ததை மறுபடி அனுப்பும் டிசிபி என்ற நெறிமுறை அப்படி நினைப்பதில்லை. பாக்கெட் தொலைந்தால் பாதை நெரிசலாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பழைய டிசிபிக்கான கணக்குப்படி, சர்வருக்குப் போய் வர 40 மில்லிசெகண்ட், 1460 பைட் பாக்கெட், 1 சதவீத இழப்பு என்றால் ஓர் இணைப்பில் கிடைப்பது சுமார் 3.5 எம்பிபிஎஸ்தான். இன்றைய டிசிபிகள் கொஞ்சம் மேலாகச் சமாளிக்கும். ஆனாலும் பிளான் 100 ஆனால் என்ன, 200 ஆனால் என்ன? பிளானுக்குக் கொடுத்த கூடுதல் பணம் ஏன் வீணானது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

கேபிளைப் பின்பற்றி நடந்து போனபோது கொட்டகைத் தாழ்வாரத்தின் கீழ் ஒரு ஒட்டு தெரிந்தது. நீளம் போதாமல் இரண்டு துண்டுகளை ஒரு கப்ளரில் சேர்த்து, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப் மழையை வெளியே நிறுத்தவில்லை, உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமல் வைத்திருந்தது. பிரித்தால் பின்கள் பச்சை பூத்திருந்தன. மதிய வெயிலில் கொஞ்சம் காயும், காலையிலும் மாலையிலும் மறுபடி ஈரமாகும். அண்ணன் சொன்ன "சாயங்காலம்" இதுதான். கேபிளும் வீட்டுக்குள் போடும் சாதாரண ரகம். வெட்டிக் கத்தியால் சுரண்டினால் செம்புக்குக் கீழே வெள்ளை தெரிந்தது, அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய சரக்கு. கேட் 6 தரம் என்ற அச்சோடு பாதி விலைக்குக் கிடைப்பது இதுதான். காற்றில் ஆடும் இடத்தில் இது சீக்கிரம் முறியும்.

ஒட்டு இல்லாத ஒரே துண்டாக, முழுச் செம்பில் வெளிப்புற கேபிள் போட்டார்கள். சுவருக்குள் நுழைவதற்கு முன் சற்றுக் கீழே தொங்கி மேலேறும்படி விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், உள்ளே ஓடாது. நானாக இருந்தால் செம்பே போட்டிருக்க மாட்டேன். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, இடி விழும் ஊரில், ஃபைபர்தான் சரி. ஆனால் அன்று கையில் இருந்தது கேபிள். போட்டதும் `1 Gbps` வந்தது, பெரிய பிங்கில் இழப்பு பூஜ்யம். பட்டியல் பக்கம் 40-இலிருந்து 12 விநாடிக்கு இறங்கியது.

ஒரு கோளாறு கிடைத்ததும் பையை மூடுவது

அண்ணனுக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் 12 விநாடி என்பது நல்ல நிலைமை இல்லை, ஆபீஸில் இருந்த பொதுக் கோளாறு அப்படியே இருக்கிறது. அடுத்த படிக்கு ஏற வேண்டும்.

கேபிளுக்கும் சாஃப்ட்வேருக்கும் நடுவே உள்ள படிகளை அங்கே சீக்கிரம் கடந்துவிட்டோம், ஆனால் தாண்டிக் குதிக்கவில்லை. சுவிட்சில் யாரும் வேகத்தைக் கைமுறையாகப் பூட்டி வைக்கவில்லை என்று பார்த்தோம். ஒரு முனை இரு திசையிலும் ஒரே நேரத்தில் பேசும் 100 ஃபுல் டியூப்ளெக்ஸ் என்று பூட்டியும் மறுமுனை ஆட்டோவிலும் இருந்தால், ஆட்டோ முனை ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும் பேசும் ஹாஃப் டியூப்ளெக்ஸுக்குப் போய்விடும். பிங் நன்றாக இருக்கும், பெரிய ஃபைல் மட்டும் நகராது. பிறகு வெளியே ஒரு சர்வருக்குப் பிங். இதைச் சும்மா இருக்கும் லைனில் ஓட்டுவது இன்னொரு தவறு. ஒரு மெஷினில் பெரிய ஃபைலை ஏற்றிக்கொண்டே பார்க்க வேண்டும். 35 மில்லிசெகண்ட் அப்போது 400-க்குப் போனால், அப்லோடு நிரம்பி ரூட்டரில் வரிசை நிற்கிறது என்று பொருள். கேமரா பதிவுகளை கிளவுடுக்கு அனுப்பும் இடங்களில் இது சகஜம். இங்கே அப்படி இல்லை. இணையப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸும் உடனே பதில் தந்தது.

அளக்காமல் சாஃப்ட்வேர்காரருக்குப் போன் போடுவது

சாஃப்ட்வேர் கொடுத்தவர்களிடம் முன்பே கேட்டிருந்தார்களாம். "உங்க நெட் ஸ்லோ சார்" என்று முடித்துவிட்டார்கள். அன்றைக்கு அவர்கள் சொன்னதில் பாதி சரி, அதை மறுக்க நம்மிடமும் ஒன்றும் இல்லை.

இப்போது இருக்கிறது. குரோமில் F12 அழுத்தி, `Network` பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை ஏற்றி, அதிக நேரம் எடுத்த வரியின் `Timing` பார்த்தோம். `Waiting for server response` 11.6 விநாடி. `Content Download` 0.3 விநாடி. அதாவது கேள்வி போய்ச் சேர்ந்துவிட்டது, பதில் வரத் தொடங்கியதும் பாய்ந்து வந்துவிட்டது, நடுவில் சர்வர்தான் யோசித்துக்கொண்டிருந்தது. பதிவிறக்கம் நீண்டிருந்தால் சந்தேகம் மறுபடி பாதையின் மேல் திரும்பியிருக்கும்.

இந்த அளவைக் கேபிள் மாற்றுவதற்கு முன் எடுத்திருந்தால் நம்ப முடியாது. கேள்வி போகும் வழியிலேயே பாக்கெட் தொலைந்து மறுபடி அனுப்பப்பட்டால், அந்தத் தாமதமும் இதே `Waiting` கணக்கில்தான் சேரும். கீழே சுத்தமான பிறகுதான் மேலே உள்ள எண் பேசும். கீழிருந்து ஏறுவதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுதான்.

ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியதும் அவர்கள் பார்த்தார்கள். அன்றைய பட்டியலைக் காட்ட ஏப்ரல் 1 முதலான எல்லாப் பதிவுகளையும் சர்வர் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தது. தேதியை வைத்து நேராகத் தேட உதவும் இண்டெக்ஸ் இல்லை. மே மாதம் யாரும் கவனிக்காத மெதுவு, மாதம் ஏற ஏற நவம்பரில் 12 விநாடி ஆகியிருக்கிறது. இண்டெக்ஸ் போட்டதும் பக்கம் 2 விநாடியில் வந்தது.

எப்போதும் கேபிளில்தான் தொடங்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். எல்லா இடத்திலும் எல்லாம் வேகமாக ஓடி, ஒரே ஒரு பக்கம் மட்டும் எல்லாருக்கும் மெதுவாக இருந்தால் நேராக F12-க்குப் போகலாம். குன்னூர் வரை எல்லாருக்கும் நெட் இல்லை என்றால் கொட்டகையில் ஏணி போடுவதில் அர்த்தமில்லை. புகார் ஓர் இடத்துக்கு மட்டும், அதுவும் நேரத்துக்கு ஏற்ப மாறுகிறது என்றால் மட்டும் கம்பியைத் தவிர வேறெதிலும் முதலில் கை வைக்காதீர்கள்.

நன்றாக ஓடும் நாளில் லிங்க் வேகம், பெரிய பிங்கின் இழப்பு, வெளிப் பிங்கின் நேரம், ஒரு பக்கம் திறக்கும் விநாடி ஆகிய நான்கையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி சுவிட்ச் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வையுங்கள். செப்டம்பர் கடைசியில், மழை பிடிப்பதற்கு முன் எழுதினால் நல்லது.