கண்ணாடி உடைத்ததா, உடைந்ததா?

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் பந்து விளையாடியதைப் பற்றித் தொடக்கநிலை ஐந்து மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரை இது: "பந்து பட்டுக் கண்ணாடி உடைத்தது. நான் பயந்து வீட்டுக்கு ஓடினேன். சாப்பிடினேன். அம்மாவிடம் சொல்ல மறத்தேன்." பிழைகள் மூன்று. சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தால் மட்டும் போதாது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் 'உடைத்தது'. இறந்தகால இடைநிலைகளாக நன்னூல் சொல்வது த், ட், ற், இன் என்னும் நான்கைத்தான். 'உடைந்தது', 'உடைத்தது' இரண்டிலும் காலம் காட்டுவது ஒரே 'த்'. அதற்கு முன் நிற்கும் சந்தி எழுத்துதான் வேறு: ஒன்றில் 'ந்', மற்றொன்றில் 'த்'. எதை எழுதுவது என்று தடுமாறினால், நிகழ்காலத்தில் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். கண்ணாடி தானே உடைகிறது. பையன் அதை உடைக்கிறான். ஒற்றைக் ககரம் வந்தால் 'உடைந்தது', இரட்டித்தால் 'உடைத்தான்'. எரி, வளர், சேர் போன்ற இணைகளிலும் இப்படித்தான்: விளக்கு எரிந்தது, குப்பையை எரித்தார்கள்.

'மறத்தேன்' என்று எழுதியவளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. மறக்கிறேன் என்பதில் ககரம் இரட்டிக்கிறதே, அப்படியானால் மறத்தேன்தானே என்று அவள் முறையாகவே யோசித்திருக்கிறாள். ஆனால் மற, நட, பற, பிற, திற, இழ ஆகியவை இடைவினைகள். நிகழ்காலத்தில் 'உடைக்கிறான்' போன்ற வல்வினையைப் போல இரட்டித்தாலும், இறந்தகாலத்தில் மெல்லின 'ந்' பெறும்: மறந்தேன், நடந்தேன், திறந்தேன். அடையாளம் காண்பது எளிது. இரண்டே எழுத்து, இரண்டும் குறில், முடிவில் அகரம். அந்த வடிவத்தில் இல்லாத 'இரு' என்பதையும் இவற்றோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்: இருக்கிறேன், இருந்தேன்.

'சாப்பிடினேன்' பிறந்தது 'ஓடினேன்' என்பதைப் பார்த்து. ஓடு, தேடு, பேசு, எழுது எல்லாம் குற்றியலுகரத்தில் முடிகின்றன. அவை 'இன்' பெறும். ஆனால் இடு, விடு, தொடு, சுடு ஆகியவற்றில் தனிக்குறிலை அடுத்து 'டு' வருகிறது. அங்கே உகரம் குறுகாது. டகரம் இரட்டித்து இட்டேன், விட்டேன் என்றாகும். றகரத்திலும் இதே வேறுபாடு உண்டு: கூறு கூறினேன் ஆகும், பெறு பெற்றேன் ஆகும்.

சாப்பிடு நீளமான சொல்லாக இருப்பதால் பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள். அதன் வாலில் ஒளிந்திருப்பது 'இடு'. கூப்பிடு என்பதிலும் அதேதான். புறப்படு என்பதில் 'படு'. எனவே சாப்பிட்டேன், கூப்பிட்டேன், புறப்பட்டேன். வாலை மட்டும் வட்டமிட்டுக் காட்டினேன். அடுத்த வரியில் அவளே 'புறப்பட்டேன்' என்று எழுதினாள்.

'போடு' மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. ஓடு போலவே நெடிலில் தொடங்கினாலும் 'போட்டேன்' என்றுதான் வரும். அதை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.